ஊருக்கு வந்ததை நாலு வரியில் சொல்ல நான் பட்ட பாடு

2005-ல் ஷார்ஜாவுக்குப் போனவன் நான். ஏசி டக்ட் வேலை. ஹெல்பராகச் சேர்ந்து கடைசியில் போர்மேன். விசாவை கேன்சல் செய்துகொண்டு 2024 ஆனி மாதக் கடைசியில் பேராவூரணிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தேன். வந்ததைப் பற்றி நாலு வரி எழுதிப் போடுவதில் இவ்வளவு சிக்கல் இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பெட்டி கட்டுவது எப்படி, எவ்வளவு தங்கம் கொண்டுவரலாம் என்றெல்லாம் ரூமில் ஆளாளுக்குப் பாடம் எடுத்தார்கள். இதை மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் அடி என் எழுத்தால் விழவில்லை. திருச்சி விமான நிலையத்துக்கு என்னை அழைக்க வந்த அக்கா மகன், டிராலியில் நாலு அட்டைப்பெட்டியோடு நான் வெளியே வருவதைப் படம் பிடித்தான். கார் புதுக்கோட்டையைத் தாண்டுவதற்குள் அது ஃபேஸ்புக்கில் ஏறிவிட்டது. “பாலைவனத்தை வென்ற சிங்கம், ஷார்ஜா தொழிலதிபர், எங்கள் பாசத்துக்குரிய மாமா சொந்த மண்ணில் காலடி வைத்தார்” என்று எழுதி என்னை டேக் செய்திருந்தான். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் அதே. அவன் ஆசையில் செய்தது, குற்றம் சொல்ல முடியாது. எங்கள் பக்கம் காதுகுத்துக்கே தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைக்கிற ஊர், அந்த நடையைத்தான் அவனும் எழுதினான். ஆனால் நான் ஒரு போர்மேன். தொழிலதிபர் என்ற அந்த ஒரு சொல்லுக்கு நான் கொடுத்த விலையைக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.

மாடியில் 600 சதுர அடி கட்ட வேண்டும் என்று ஒரு காண்ட்ராக்டரிடம் ஷார்ஜாவில் இருந்தபோதே பேசி வைத்திருந்தேன். சதுர அடி 2,100 ரூபாய் என்றார். நேரில் போய் உட்கார்ந்தபோது 2,350 என்றார். கேட்டதற்குக் கம்பி விலை ஏறிவிட்டது என்றார். பேச்சோடு பேச்சாக, “தொழிலதிபருக்கு இதெல்லாம் ஒரு பணமாண்ணே?” என்றும் சிரித்தார். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இழுத்துப் பிடித்து 2,225-ல் முடித்தேன். அப்படியும் 75,000 ரூபாய் கூடுதல். தூரத்துச் சொந்தம் ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு என்று 80,000 கைமாற்று வாங்கினார். இன்னும் வரவில்லை, இனி வரும் என்ற நம்பிக்கையும் இல்லை.

அப்புறம் மொய் விருந்து. எங்கள் பகுதியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆனி, ஆடி, ஆவணியில் கறிச்சோறு போட்டு மொய் வாங்குவது ஒரு பெரிய வரவு செலவு. இன்று ஒருவருக்கு நீங்கள் எழுதினால், உங்கள் முறை வரும்போது அவர் அதற்குக் கொஞ்சம் மேலே சேர்த்துத் திருப்பி எழுத வேண்டும். ஒருவர் முறை வைக்க அஞ்சு வருஷம் போல ஆகும். நான் வந்ததோ சீசன் தொடங்கியிருந்த நேரத்தில். பழைய மொய்யைத் திருப்பிச் செய்வது கடமை, அதில் எனக்கு வருத்தமே இல்லை. ஆனால் எங்களோடு இதுவரை மொய்த் தொடர்பே இல்லாதவர்களெல்லாம் பத்திரிகை வைத்தார்கள். பத்திரிகை வைத்தவர் வாசலில் நிற்கும்போது நான் சிங்கம் இல்லை, சம்பளக்காரன் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அந்த வகையில் 35,000 போனது. அது கடன் மாதிரித் திரும்பி வரும் என்பார்கள், நான் விருந்து வைத்தால். எனக்கு அந்த எண்ணம் இல்லை.

பணத்தை விட உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. நான் வெளிநாட்டில் இருந்த காலத்தில் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் சாவு விழுந்திருந்தது. ஊருக்கு வந்ததும் முதலில் அங்கே போய்த் துக்கம் கேட்டுவிட்டுத்தான் மற்ற வீட்டுக்குப் போக வேண்டும். பெரியப்பா வீட்டுக்கு மறுநாள் காலையில் போனேன். பெரியம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு, “நீ வந்ததை அந்தப் பயலோட போன்லதான்டா நான் பாக்கணும்?” என்று கேட்டார். பெட்டியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். அதற்கு என்ன பதில் சொல்வது? எழுதப்போகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரில் போய்ச் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரையும் பார்த்து முடிக்கும்வரை எதையும் போடாதீர்கள். ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை. யார் வேண்டுமானாலும் டேக் செய்ததும் உங்கள் பக்கத்தில் வந்து உட்காராமல் இருக்க, கிளம்புவதற்கு முன்பே ஃபேஸ்புக் அமைப்புகளில் Profile and tagging என்ற இடத்துக்குப் போய், டேக் செய்த பதிவுகளை நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே காட்டும்படி மாற்றிவிடுங்கள். இதற்கு ஓர் எல்லை உண்டு. உங்கள் பக்கத்தில்தான் அது தெரியாது, போட்டவர் பக்கத்தில் அப்படியே இருக்கும். அதனால் அழைக்க வரும் பிள்ளைகளிடம், “படம் எடு, நான் சொல்லும்வரை போடாதே” என்று வாய்விட்டே சொல்லிவிடுவது நல்லது. போர்டிங் பாஸைப் படம் பிடித்துப் போடுவதும் வேண்டாம். அதில் உள்ள பார்கோடில் பெயர், பயண விவரம், முன்பதிவு எண் எல்லாம் இருக்கின்றன.

மருமகனின் பதிவை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஆனால் அதற்குள் நூற்றுக்கணக்கில் வாழ்த்துகள் குவிந்திருந்தன. சும்மா இருந்துவிட்டால் அந்தச் சிங்கமே நிலைத்துவிடும். என் வாயால் நான் எப்படி வந்தேன், எதற்கு வந்தேன் என்று சொல்லியாக வேண்டும். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன். அங்கேதான் இரண்டாவது பாடு ஆரம்பித்தது.

முதலில் எழுதியது இது: “விவசாயி மகனாக வெறுங்கையோடு விமானம் ஏறியவன், இறைவன் அருளால் எல்லாம் பெற்றுத் திரும்பியிருக்கிறேன்.” எழுதும்போது ரொம்ப அடக்கமாகத்தான் தெரிந்தது. இறைவன் இருக்கிறார், விவசாயி இருக்கிறார், வேறென்ன வேண்டும்? காலையில் படித்தால் மருமகன் எழுதியதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெருமை ‘எல்லாம் பெற்று’ என்பதில் மட்டும் இல்லை. ‘அப்போது வெறுங்கை, இப்போது எல்லாம்’ என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதிலேயே அது இருக்கிறது. சாமியின் பெயரைச் சேர்ப்பதால் அது மறைவதில்லை. வருஷக் கணக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. ‘19 வருடம்’ என்று தொடங்கிவிட்டால், அடுத்து வருவது ஒன்று சாதனையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தியாகமாக இருக்க வேண்டும். மூன்றாவதாக ஒன்றை அந்த வாக்கியம் தாங்காது. ஊரில் உள்ளவர்களுக்கு நாம் எப்போது போனோம் என்பது நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால் வருஷத்தை எடுத்துவிட்டேன்.

அடுத்தது நேர் எதிர்த் திசையில் போனது. “அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வர முடியவில்லை. பிள்ளைகள் வளர்ந்ததைப் போனில் பார்த்தேன். இளமையை மணலில் புதைத்துவிட்டு வந்திருக்கிறேன்.” ஒரு வரிகூடப் பொய் இல்லை. எழுதிவிட்டு எனக்கே தொண்டை அடைத்தது. மனைவியிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “ஏங்க, அப்போ நாங்க உங்க இளமையைத் தின்னுட்டோம்னு ஊருக்குச் சொல்றீங்களா?” என்றாள். நான் அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் படித்தால் அப்படித்தான் இருக்கிறது. புதைத்தது யாருக்காக என்று படிக்கிறவன் கேட்பான், கேட்டால் விரல் அவள் பக்கம்தான் நீளும். நான் அங்கே இருந்த காலமெல்லாம் என் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவள் அவள். அவளும் யாரிடமும் கணக்குக் கேட்கவில்லை.

கசப்பான வரிக்கு இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, இது முழுக்கப் பணம் சம்பந்தப்பட்டது. எனக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் இருந்து கேன்சலில் போன ஒருவர், ஊருக்குப் போன கையோடு கேம்ப் சாப்பாட்டைப் படம் போட்டு, கம்பெனி பெயரையும் எழுதி, “நாய்ப் பொழப்பு முடிந்தது” என்று பதிவிட்டார். அவருடைய கடைசிக் கணக்கு அப்போது இன்னும் வரவில்லை. அந்தப் பதிவின் ஸ்கிரீன்ஷாட் ஆபீசுக்குப் போனது, அவர் கணக்கு மாதக்கணக்கில் இழுத்தது. அமீரகச் சட்டப்படி வேலை முடிந்த 14 நாட்களுக்குள் சம்பள பாக்கி, கிராஜுவிட்டி எல்லாவற்றையும் கொடுத்துவிட வேண்டும். கிராஜுவிட்டி என்பது முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். அதற்கு மேற்பட்ட வருஷங்களுக்கு 30 நாள். என்னைப் போல நீண்ட காலம் இருந்தவனுக்கு அது ஒரு வீட்டின் மாடி. சட்டம் நம் பக்கம் இருந்தாலும் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதைக் கேட்டு வாங்குவது சுலபமில்லை. தவிர, இணையத்தில் அடுத்தவரை இழிவுபடுத்தி எழுதுவது அங்கே 2021-ஆம் வருஷத்து இணையக் குற்றச் சட்டத்தில் தண்டனைக்குரியது. நாளைக்கு வேறு விசாவில் திரும்பிப் போகிற எண்ணம் கொஞ்சம் இருந்தாலும் யோசிக்க வேண்டும். அதே ஆள் எழுதிய ‘நாய்ப் பொழப்பை’ இன்னும் கேம்பில் இருந்த ஒரு பையனின் அம்மா படித்துவிட்டு, ராத்திரியே மகனுக்குப் போன் போட்டு அழுதார். அவன் அதுவரை ரொட்டி, குழம்பு என்று நல்லபடியாகச் சொல்லிச் சமாளித்து வைத்திருந்தான். நாம் தப்பித்து வந்த இடத்தில்தான் இன்னொருவன் இன்றைக்கும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். என் கணக்கும் 14 நாளைத் தாண்டித்தான் வந்தது. வங்கியில் ஏறிய குறுஞ்செய்தியைப் பார்த்த பிறகே நான் எதையும் போட்டேன்.

மூன்றாவதாக, சரி, பெருமையும் வேண்டாம், புலம்பலும் வேண்டாம், ஊரைப் பற்றி மட்டும் எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். “எத்தனை வருஷம் ஆனாலும் மாறாத அதே ஊர், அதே தென்னந்தோப்பு.” இதில் யாருக்கு என்ன வலிக்கும்? தம்பியிடம் காட்டினேன். அவன் சிரித்தான். “அதே தோப்பா? வாண்ணே காட்டுறேன்” என்று கூட்டிக்கொண்டு போனான்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரத்துத் தோப்புகள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. எங்கள் தோப்பில் அப்பா வைத்த மரங்களில் நின்றது விரல் விட்டு எண்ணக்கூடியவை. நான் அப்போது ஒரு மாலில் டக்ட் மாட்டிக்கொண்டிருந்தேன், பணம் அனுப்பினேன், அவ்வளவுதான். விழுந்த மரத்தை அறுத்தது, வேர்க்கட்டையைப் பொக்லைன் வைத்துப் பிடுங்கியது, குழி வெட்டிக் கன்று வைத்தது, மின்சாரம் இல்லாத நாட்களில் தண்ணீருக்கு அலைந்தது எல்லாம் தம்பி. நான் லீவில் வந்தபோதெல்லாம் கன்றுகளைப் பார்த்திருக்கிறேன், ஆனால் நின்று பார்த்ததில்லை. இந்த முறை அவன் ஒரு மரத்தடியில் நிறுத்தி மேலே காட்டினான். நெட்டை ரகம். மட்டைக் கணுவில் இருந்து முதல் பாளை வெளியே வந்திருந்தது, இன்னும் வெடிக்கவில்லை, வெளிர்ப்பச்சையில் கத்தி உறை மாதிரி நிமிர்ந்து நின்றது. அப்பா வைத்த மரம் ஒன்று வேலியோரம் சாய்ந்தபடியே உயிரோடு இருக்கிறது, அதற்கும் இதற்கும் உயரத்தில் சம்பந்தமே இல்லை. இதைப் போய் ‘அதே தோப்பு’ என்று நான் எழுதியிருந்தால், அவன் அஞ்சாறு வருஷமாகச் செய்தது எதுவுமே நடக்கவில்லை என்று சொன்ன மாதிரி. ‘மாறாத ஊர்’ என்பது வெளியூரில் இருந்து வருகிறவன் தனக்குத்தானே கொடுத்துக்கொள்கிற பரிசு. ஊரில் இருந்தவர்களுக்கு அது வசவு.

கடைசியில் போட்டது இதுதான்:

“தம்பி 2019-ல் வைத்த தென்னை இந்த வருஷம் முதல் பாளை விட்டிருக்கிறது. பார்க்க நானும் வந்து சேர்ந்துவிட்டேன். ஷார்ஜா வேலையை முடித்துக்கொண்டாயிற்று, இப்போதைக்கு ஊரில்தான். அங்கே ஒரே ரூமில் இருந்தவர்களுக்கு என் அன்பு. இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள், இளநீர் வெட்டுவோம். பழைய மரத்தில்தான்.”

இதில் ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். முதல் வரியில் நான் இல்லை, தம்பி இருக்கிறான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் எதுவானாலும் நீளமான பதிவில் முதல் சில வரிகள்தான் தெரியும், மிச்சம் அழுத்தினால்தான் திறக்கும். பாதிப் பேர் அழுத்துவதில்லை. ஆகவே சமாதானத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு புலம்பலில் ஆரம்பித்தால், ஊருக்குப் போய்ச் சேர்வது புலம்பல் மட்டும்தான். ‘வேலையை முடித்துக்கொண்டாயிற்று’ என்ற வரி கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் வருகிற கமெண்ட் எல்லாம் “லீவா, கேன்சலா?” என்றுதான் இருக்கும், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டும். ‘இப்போதைக்கு’ என்பதை வேண்டுமென்றே வைத்தேன். ‘நிரந்தரமாக’, ‘முற்றுப்புள்ளி’ என்றெல்லாம் எழுதிவிட்டு, கையிருப்பு கரைந்ததும் ஒரு வருஷத்தில் மறுபடி விமானம் ஏறியவர்களை எனக்குத் தெரியும். அதில் அவமானம் எதுவும் இல்லை, ஆனால் பழைய பதிவை எடுத்துவைத்து ஊர் சிரிக்கும். ரூம்காரர்களுக்கு ஒரு வரி, அங்கே எனக்கும் நல்லது நடந்தது என்று அவர்கள் வீட்டில் படிப்பவர்களுக்குத் தெரிய. பெரிதாக ஒன்றும் எழுதவில்லை, ஆனால் அந்த ஒரு வரிக்குத்தான் கேம்பில் இருந்து நாலு பேர் போன் செய்தார்கள்.

படத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எழுத்தை எவ்வளவு அடக்கினாலும் படம் பேசிவிடும். பெட்டி, கார், கைக்கடிகாரம், கூலிங் கிளாஸ் இருக்கிற படத்துக்கு எந்த வரியைப் போட்டாலும் அது மருமகன் போட்ட பதிவுதான். நான் போட்டதில் தம்பி மம்பட்டியோடு நிற்கிறான், நான் ஓரமாகக் கைலியில். அவன் முதலில் சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றான், வேண்டாம் என்றுவிட்டேன். ஃபேஸ்புக்கில் போட்டபின் திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். திருத்தினால் முன்பு என்ன எழுதியிருந்தது என்ற வரலாற்றைப் பதிவைப் பார்க்கிறவர்களும் எடுத்துப் பார்க்கலாம். கைபேசியின் குறிப்பேட்டில் எழுதி, ஒரு ராத்திரி விட்டுவிட்டு, கூடவே வாழ்ந்த ஒருவரிடமும் ஊரிலேயே இருந்த ஒருவரிடமும் காட்டிய பிறகு போடுவது உத்தமம். இரண்டு பேரும் வேண்டும். என் மனைவிக்குத் தோப்பு வரியில் ஒன்றும் தோன்றவில்லை, தம்பிக்கு இளமை வரியில் ஒன்றும் தோன்றவில்லை.

கமெண்டில் ஒருவர், “எவ்வளவு தேத்துனே மாப்ளே?” என்று கேட்டிருந்தார். “மாடிக்குச் செங்கல் வரைக்கும் தேறியிருக்கு மாமா, பூச்சுக்கு நீங்கதான்” என்று எழுதினேன். சிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்த மாதிரிக் கேள்விக்குத் தொகையும் சொல்லக் கூடாது, கோபமும் படக் கூடாது. அந்தப் பதிவுக்குப் பிறகும் கைமாற்றுக் கேட்டு வந்தார்கள், வராமல் இல்லை. ஆனால் கேட்ட தொகை இறங்கிவிட்டது, இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வந்தது.

போன மாதம் கேம்பில் இருந்த ஒரத்தநாட்டுப் பையன் போன் செய்தான். ஆள்குறைப்பில் அவனை அனுப்பிவிட்டார்கள். “அண்ணே, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்கண்ணே, கேவலமா தெரியக் கூடாது” என்றான். எழுதித் தரமாட்டேன் என்றேன். கணக்கு வந்துவிட்டதா, யார் யார் வீட்டுக்கு இன்னும் போகவில்லை, படத்தில் கூட யார் நிற்பார்கள், இதை மட்டும் கேட்டேன். கணக்கு வந்துவிட்டது, பாட்டியை மட்டும் பார்க்க வேண்டும் என்றான். இரண்டு நாள் கழித்து அனுப்பினான்: “வேலை முடிந்து ஊருக்கு வந்துவிட்டேன். பாட்டிக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, குரலை வைத்துக் கண்டுபிடித்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் ஏசி வேலை இருந்தால் சொல்லுங்கள். டக்ட், காப்பர் பைப்பிங் இரண்டும் தெரியும். விதி விளையாடிவிட்டது.” கடைசி வாக்கியத்தை மட்டும் எடுக்கச் சொன்னேன். எடுத்துவிட்டுப் போட்டான். இரண்டு இடத்தில் இருந்து வேலைக்குக் கேட்டிருக்கிறார்கள், ஒன்றில் சம்பளம் பேசிக்கொண்டிருக்கிறான்.